ஆன்லைனில் கடன் கொடுத்தால் 18 சதவீதம் கிடைக்குமா?

கேள்வி: மேடம், நான் தண்டையார்பேட்டை. துறைமுகத்துல 34 வருஷம் வேலை பார்த்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன், வயசு 61. வந்த பணத்துல 9 லட்சம் பேங்க் டெபாசிட்ல இருக்கு. என் அக்கா பையன் ஒரு ஆப்ல 2 லட்சம் போட்டு, முன்பின் தெரியாதவங்களுக்குக் கடன் கொடுக்கிறான். 14 மாசமா 18 பர்சென்ட் வருதுன்னு ஸ்கிரீனைக் காட்டுறான். ரிசர்வ் வங்கி அனுமதி வாங்கின கம்பெனி, நூறு பேருக்குப் பிரிச்சுப் போட்டா நஷ்டமே வராதுங்கிறான். நான் ஒரு 5 லட்சம் போடலாமா?

பதில்:

ஐயா, 5 லட்சம் போடாதீர்கள். உங்களுக்கு மனமிருந்தால் 30,000 ரூபாய் வரை போட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறேன் என்பதை நிதானமாக விளக்குகிறேன். உங்கள் அக்கா மகன் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. அவர் சொல்லும் மூன்றும் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பணம் போகிறது.

தண்டல் உங்கள் பக்கத்தில் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாயிரம் என்று பேசி, கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். அந்த வட்டியில் நொடித்துப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தண்டல்காரரிடம் என்னென்ன இருக்கிறது என்று கவனியுங்கள். கடன் வாங்கியவரின் கடை எந்தத் தெரு, அன்றைக்குக் கடை திறந்ததா, வியாபாரம் எப்படி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேறு யாரிடம் கை நீட்டியிருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். தினமும் போய் நிற்பதால், கடன் ஆட்டம் காணத் தொடங்கினால் மூன்றாம் நாளே தெரிந்துவிடும். சௌகார்பேட்டை அடகுக் கடைக்காரருக்கு இதுகூடத் தேவையில்லை. நகை அவர் பெட்டியில் இருக்கிறது.

செயலி வழியாக நீங்கள் கடன் கொடுக்கும்போது இந்த இரண்டுமே உங்களிடம் இல்லை. ஆளைத் தெரியாது, அடகும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கடன் மதிப்பெண், ஒரு சம்பளத் தொகை, கம்பெனி போட்டுக்கொடுத்த ஒரு தரக்குறியீடு. அடகு இல்லாமல் இருப்பது கம்பெனியின் சோம்பலால் அல்ல. ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு வகுத்த விதியே அப்படி. இவர்கள் வழியாக ஈடில்லாத கடன் மட்டும்தான் கொடுக்கலாம். கம்பெனி தன் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. உங்கள் பணத்துக்கு எந்த உத்தரவாதமும் தரக் கூடாது. அது ஒரு தரகர், அவ்வளவுதான். கடன் பத்திரம் உங்களுக்கும் அந்த முகம் தெரியாத ஆளுக்கும் இடையில்.

ஆகவே, ‘ரிசர்வ் வங்கி அனுமதி’ என்பதன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற கம்பெனி என்றால், உங்கள் பணம் கம்பெனியின் கணக்கில் கலக்காமல், வங்கி சார்ந்த ஒரு அறங்காவலர் நிர்வகிக்கும் தனிக் கணக்கு வழியாகப் போய்வர வேண்டும். கம்பெனிக்காரர் பணத்தோடு ஓடிவிடும் ஆபத்தை அது குறைக்கிறது. கடன் வாங்கியவர் கட்டாமல் போவதற்கும் அந்த அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்கு ஒரு ரூபாய்க்குக்கூடக் கிடையாது. உண்மையில், முதலுக்கும் வட்டிக்கும் யாரும் பொறுப்பில்லை என்று எனக்குத் தெரியும் என நீங்களே ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கடன் கொடுக்க விடுவார்கள். அக்கா மகனும் அதை ஒப்புக்கொண்டிருப்பார். படிக்காமல் தொட்டுத் தள்ளியிருப்பார், பெரும்பாலோர் செய்வது அதுதான்.

அடுத்து, இங்கே கடன் கேட்டு வருவது யார்? நல்ல சம்பளம், சுத்தமான கடன் வரலாறு உள்ள ஒருவருக்கு வங்கியே 11, 12 சதவீதத்தில் தனிநபர் கடன் கொடுக்கக் காத்திருக்கிறது. அவர் எதற்கு 24 சதவீதத்துக்கு உங்களிடம் வர வேண்டும்? வருகிறவர்களில் பலர் வங்கி வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள், அல்லது வங்கியில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்து முடித்தவர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நெருக்கடியில் இருப்பவர்கள். அந்த நெருக்கடிக்கான விலைதான் அந்த 24 சதவீதம். வட்டி ஏன் அதிகமாகத் தருகிறார்கள் என்ற கேள்விக்குப் பதிலும், கடன் ஏன் வாராக்கடன் ஆகிறது என்ற கேள்விக்குப் பதிலும் ஒன்றே.

நான் 20 ஆண்டுகளுக்கு மேல் கடன் பிரிவில் வேலை பார்த்தவள். மனுவைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் கடன் அறிக்கை பழையது. ஒருவர் திங்கட்கிழமை ஒரு செயலியில் 40,000, புதன்கிழமை இன்னொன்றில் 30,000, வெள்ளிக்கிழமை உங்களிடம் ஒரு பங்கு என்று வாங்கினால், வெள்ளிக்கிழமை நீங்கள் பார்க்கும் அறிக்கையில் திங்களும் புதனும் இருக்காது. கடன் கொடுத்த நிறுவனங்கள் முன்பு மாதம் ஒருமுறைதான் விவரம் அனுப்பின. 2025 ஜனவரியில் அது பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. இடைவெளி குறைந்திருக்கிறது, மூடிவிடவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குபவரை, அவர் ஓடிக்கொண்டிருக்கும் வரை மதிப்பெண் காட்டிக்கொடுக்காது. நேற்று வரை எல்லாத் தவணையும் கட்டியவராகத்தான் தெரிவார்.

இனி கணக்கு. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சத்தை 100 பேருக்கு ஆளுக்கு 1,000 வீதம், ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில், 12 மாதத் தவணைக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாதம் கட்ட வேண்டியது 94 ரூபாய் 56 காசு. 12 மாதத்தில் 1,134 ரூபாய் 72 காசு. நூறு பேரும் ஒரு தவணை தவறாமல் கட்டினால் உங்களுக்கு வரும் வட்டி 13,472 ரூபாய். 24,000 அல்ல. ஏமாற்று எதுவும் இல்லை. மாதாமாதம் முதலும் சேர்ந்து திரும்புவதால், ஆண்டு முழுவதும் ஒரு லட்சமும் வெளியில் இருப்பதில்லை, சராசரியாக 56,000 ரூபாய்தான் கடனில் இருக்கிறது. ஆனால் ‘24 பர்சென்ட்’ என்று கேட்டதும் நம் மனம் 24,000 என்று போட்டுக்கொள்கிறது. 13,472 என்பதுதான் உங்களிடம் இருக்கும் மொத்தத் தாங்குசக்தி. கட்டாமல் போகிறவர்களின் நஷ்டம் இதிலிருந்துதான் கழிய வேண்டும்.

இப்போது நூறில் 10 பேர் மூன்று தவணை கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் வராமல் போவது ஒன்பது தவணை, அதாவது 851 ரூபாய். பத்துப் பேருக்கும் 8,510. 13,472இல் இது போனால் மீதி 4,962. கம்பெனிக் கட்டணம் கொடுத்த தொகையில் 2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்) இன்னொரு 2,000 கழியும். கையில் நிற்பது 2,962 ரூபாய். பணம் மாதாமாதம் திரும்பி வந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் ஐந்தரை சதவீதம். உங்கள் டெபாசிட்டில் வருவதைவிட இது கம்மியாகத்தான் இருக்கும்.

பத்துப் பேருக்குப் பதில் 5 பேர் மட்டும் தவணையை நிறுத்தினால் 7,217 ரூபாய் மிஞ்சும், ஆண்டுக்கு 13 சதவீத அளவுக்கு வரும். அது நல்ல வருமானம்தான், மறுக்கவில்லை. 14 பேர் நின்றால் முதலிலேயே கை வைக்க வேண்டியதுதான். ஐந்துக்கும் பதினான்குக்கும் இடையில் இருப்பது ஒன்பது பேர். நல்ல வருமானத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் அவ்வளவு மெல்லியது. அந்த ஒன்பது பேர் கட்டுவார்களா மாட்டார்களா என்பது உங்கள் கையில் இல்லை.

வருமான வரி கட்டுபவருக்கு இது இன்னும் மோசமாகலாம். வந்த வட்டி முழுவதும் வருமானமாகக் கணக்காகும், ஆனால் திரும்பாத அசலை அந்த வட்டியிலிருந்து கழித்துக்கொள்ளச் சாதாரணமாக வழியில்லை. மேலே சொன்ன பத்துப் பேர் கணக்கில் வந்த வட்டி 12,680 ரூபாய். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் அதற்கு 2,536 கட்டினால், 2,962இல் மிஞ்சுவது 426 ரூபாய். உங்கள் ஓய்வூதியத்துக்கு வரி வராது என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். அக்கா மகன் சம்பளக்காரர், அவர் விட முடியாது.

சரி, கட்டாதவரிடம் வசூலிக்க முடியாதா? கம்பெனி குறுஞ்செய்தி அனுப்பும், ஆள் வைத்துப் பேசும், வக்கீல் நோட்டீஸும் அனுப்பலாம். அதற்கு மேல் போனால் வழக்கு. உங்கள் பங்கு 851 ரூபாய். அதற்காக வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவர் மீது வழக்குப் போட்டு நடையாய் நடப்பவர் யாரும் இல்லை. பிரித்துப் போடுவதில் இப்படி ஒரு மறுபக்கமும் இருக்கிறது. நஷ்டம் சின்னச் சின்னதாக வருவதால், எதையும் துரத்திப் பிடிப்பது கட்டுப்படியாகாது.

‘நூறு பேருக்குப் பிரிச்சா நஷ்டமே வராது’ என்பதற்கு இப்போது வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். பிரித்துப் போடுவது அவசியம். பத்துப் பேருக்குப் பத்தாயிரம் வீதம் கொடுத்து இரண்டு பேர் துரதிர்ஷ்டமாக நின்றால் ஐந்தில் ஒரு பங்கு ஆபத்தில் விழுகிறது. நூறு பேருக்கு ஆயிரம் வீதம் கொடுத்தால் அப்படி ஓரிருவரால் அடி விழாது. ஆனால் பிரித்துப் போடுவதால் கட்டாதவர்களின் விகிதம் குறையாது. சராசரி என்னவோ அது உங்களுக்கு உறுதியாக வந்து சேரும், அவ்வளவுதான். சராசரியில் நூற்றுக்கு 14 பேர் கட்டாத கூட்டம் என்றால், நூறு பேருக்குப் பிரித்துப் போட்ட உங்களுக்கு அந்த 14 கிட்டத்தட்ட நிச்சயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் விசைப்படகில் போகும் ஐம்பது பேருக்கு ஆளுக்குக் கொஞ்சம் கடன் கொடுக்கிறீர்கள். ஐம்பது பேர், ஐம்பது குடும்பம், நன்றாகப் பிரித்துவிட்டோம் என்று தோன்றும். ஏப்ரல் 15 வந்ததும் 61 நாள் மீன்பிடித் தடை. ஜூன் 14 வரை ஐம்பது பேருக்கும் கடல் வருமானம் ஒரே நாளில் நிற்கிறது. பெயர்தான் ஐம்பது, நீங்கள் கொடுத்தது ஒரே கடலுக்கு. தடையாவது தேதி தெரிந்து வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் வடசென்னைத் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது மாவு மில், தையல் கடை, பெட்டிக்கடை எல்லாம் ஒன்றாக மூடிக்கிடந்தன. அந்த மாதத் தவணையை யார் கட்டியிருப்பார்கள்? 2020இல் ஊரடங்கு வந்தபோது நாடு முழுவதும் அதே கதை. நல்ல காலத்தில் நூறில் ஐந்து என்று இருப்பது கெட்ட காலத்தில் மெல்ல ஆறு, ஏழு என்று ஏறாது. எல்லோருக்கும் ஒரே அடி விழுவதால் ஒரேயடியாகத் தாவும். அந்த நேரத்தில்தான் உங்களுக்கும் பணம் தேவைப்படும் என்பதையும் யோசியுங்கள், நீங்களும் அதே தெருவில்தான் இருக்கிறீர்கள்.

இனி அந்த ஸ்கிரீன். 14 மாதமாக 18 சதவீதம் என்று காட்டுவது பொய் என்று சொல்ல மாட்டேன். அது எதைக் காட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வந்த தவணையை உடனே புதிதாகக் கடன் கொடுத்தபடி இருந்தால், கணக்கில் எப்போதும் இளம் கடன்கள்தான் அதிகம் இருக்கும். புதுக் கடன் முதல் இரண்டு மூன்று மாதம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், வாங்கிய பணத்திலேயே முதல் தவணைகளைக் கட்டிவிடுவார்கள். 90 நாள் தவறினால்தான் வாராக்கடன் என்ற பட்டியலுக்கு வரும். அதற்குள் புதுக் கடன்கள் சேர்ந்து விகிதத்தை அமுக்கிவிடும்.

எண்ணில் சொல்கிறேன். ஒரு கம்பெனி வழியாக ஜனவரியில் 200 கடன் போகிறது. ஜூன் முடிவில் அதில் 16 நின்றுவிட்டது, அதாவது நூற்றுக்கு 8. ஆனால் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை இன்னும் 1,000 கடன் கொடுத்திருக்கிறார்கள், அவை பெரும்பாலும் கெட்டுப்போகும் வயதுக்கே வரவில்லை. மொத்தம் 1,200இல் 16 என்று பார்த்தால் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. விளம்பரம் போல அந்த எண் பளிச்சென்று நிற்கும். புதுக் கடன் கொடுப்பது மெதுவாகும் நாளில்தான் நிஜம் வெளியே வரும். அதனால் ‘உங்கள் வாராக்கடன் எத்தனை சதவீதம்’ என்று கேட்காதீர்கள். ‘ஒரு வருஷத்துக்கு முன்னால், இந்த மாதத்தில் கொடுத்த கடன்களில் இன்றைக்கு எத்தனை நின்றுவிட்டது, இந்தத் தரக்குறியீட்டில் மட்டும் எத்தனை’ என்று கேளுங்கள். மாதவாரியாகப் பிரித்துத் தர மறுக்கும் கம்பெனியை அத்தோடு விட்டுவிடலாம். வாராக்கடன் விவரத்தையும் கடன் கொடுத்தவர்கள் இழந்த தொகையையும் வெளிப்படையாகப் போட வேண்டும் என்பது 2024 ஆகஸ்ட் 16 அன்று ரிசர்வ் வங்கி இறுக்கிய விதிகளிலேயே இருக்கிறது.

அந்தத் தேதியை நினைவில் வையுங்கள், இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்கு முன் சிலர் இதை ஏதோ டெபாசிட் போல விற்றார்கள். ‘இத்தனை சதவீதம் நிச்சயம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்றார்கள். கடன் வாங்கியவர் 12 மாதத்துக்கு வாங்கியிருக்கிறார், உங்களுக்கு நாளைக்கே பணம் எப்படித் திரும்பும்? புதிதாக வரும் இன்னொருவர் பணத்தை எடுத்து உங்களுக்குக் கொடுத்தால்தான் முடியும். அதைத்தான் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. ஒருவர் பணத்தை வைத்து இன்னொருவரை வெளியே விடக் கூடாது, நிச்சய வருமானம் என்று சொல்லக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விற்கக் கூடாது. யாருக்குப் பணம் போகிறது என்று பார்த்து நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே போக வேண்டும். இன்றைக்கும் யாராவது உங்களிடம் நிச்சய வருமானம், உடனடி எடுப்பு என்று சொன்னால் அவர் விதியை மீறுகிறார், அல்லது அனுமதியே இல்லாதவர். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் NBFC-P2P என்ற பட்டியலில் கம்பெனியின் பதிவுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியின் பெயர் வேறாக இருக்கலாம், பதிவுப் பெயர்தான் முக்கியம். யாராவது தன் சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 30,000 என்று ஏன் சொன்னேன்? உங்கள் 9 லட்சத்தில் அது முழுவதும் போனாலும் உங்கள் வீட்டுச் செலவில் ஒரு மாதம்கூட ஆட்டம் காணாது. ரிசர்வ் வங்கி ஒருவர் எல்லாக் கம்பெனிகளிலும் சேர்த்து 50 லட்சம் வரை கொடுக்கலாம் என்கிறது, ஒரே கடனாளிக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்கிறது. அது சட்டம் போட்ட கூரை, உங்கள் வீட்டுக்கான அளவு அல்ல. சம்பளம் வருகிறவர் இழந்ததை நான்கு மாதத்தில் சேர்த்துவிடுவார். நமக்கு இனி இந்தப் பணம்தான்.

போடுவதென்றால் முதலில் 10,000 மட்டும் போடுங்கள். ஆளுக்கு 500 கொடுக்க முடியுமானால் 500 வீதம் 20 பேர். 20 பேர் என்பது போதாது என்று எனக்கும் தெரியும், ஆனால் இது படிப்பதற்கான பணம். தவணைக் காலம் 12 மாதத்துக்கு மேல் வேண்டாம், விதி 36 மாதம் வரை அனுமதித்தாலும். நீண்ட கடனில் எதிரில் இருப்பவரின் வேலை, உடம்பு, வியாபாரம் எல்லாம் மாறுவதற்கு மூன்று மடங்கு நேரம் இருக்கிறது. அதிக வட்டி போட்டிருக்கும் தரத்தைத் தொடாதீர்கள். ஒரே ஊர், ஒரே தொழில் என்று சேராமல் பாருங்கள். திருப்பூர் பனியன் தொழிலாளி நான்கு பேர் வந்தால் ஒருவரோடு நிறுத்துங்கள். வந்த தவணையை மறுபடி கடனாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கே எடுத்துவிடுங்கள். இதைச் சிலர் முட்டாள்தனம் என்பார்கள். முதல் ஆண்டில் அதுதான் உண்மை தெரிய ஒரே வழி. 12 மாதம் முடிந்ததும் 10,000 கொடுத்து வங்கிக்கு எவ்வளவு திரும்பியது என்று ஒரே ஒரு கழித்தல் போட்டால் போதும், எந்த ஸ்கிரீனும் தேவையில்லை. அதன் பிறகு மீதி 20,000 பற்றி யோசிக்கலாம்.

மீதிப் பணத்துக்கு என்னிடம் எளிய யோசனைதான் இருக்கிறது. உங்கள் வயதுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு. 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை அறிவிப்பார்கள், போடும் நாளில் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், போட்ட பிறகு ஐந்து ஆண்டுக்கு மாறாது. 7 லட்சம் போட்டால் 8.2 விகிதத்தில் மூன்று மாதத்துக்கு 14,350 ரூபாய் வரும். மீதியை ஆஸ்பத்திரிச் செலவு போன்றவற்றுக்காக வங்கியிலேயே வையுங்கள். மேலே போட்ட கணக்கில் பத்துப் பேர் நின்றபோது வந்த ஐந்தரை சதவீதத்தை இந்த 8.2க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரும் ஓடிப்போகாமல், யாரையும் துரத்தாமல் வருவது இது.

அக்கா மகனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். கோபப்படாமல், சந்தேகப்படுகிற மாதிரி இல்லாமல், ‘எனக்குப் புரியணும்பா’ என்று கேளுங்கள். ஒரு எக்செல் தாளில் முதல் வரிசையில் தலைப்பு, அதன் கீழே A நிரலில் தேதி, B நிரலில் தொகை. தன் வங்கிக் கணக்கிலிருந்து செயலிக்குப் போட்டதை எல்லாம் கழித்தல் குறியோடு எழுதட்டும், செயலியிலிருந்து வங்கிக்குத் திரும்பி வந்ததைக் கூட்டலாக எழுதட்டும். கடைசி வரியில் இன்றைய தேதி போட்டு, உள்ளே எடுக்காமல் கிடக்கும் ரொக்கத்தையும், 30 நாளுக்கு மேல் தவறாத கடன்களின் மீதி அசலையும் சேர்த்து எழுதட்டும். 30 நாள் தாண்டியதைப் பூஜ்யமாக வைக்கட்டும். 20ஆம் வரி வரை எழுதினால் சூத்திரம் இது:

```
=XIRR(B2:B20,A2:A20)*100
```

வரும் எண்தான் அவருடைய நிஜமான ஆண்டு வருமானம், வரிக்கு முன்னால். 18க்குப் பக்கத்தில் வந்தால் இதுவரை அவருக்கு நன்றாகவே போயிருக்கிறது, நானும் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புதுக் கடன் கொடுப்பதை மூன்று மாதம் நிறுத்திவிட்டு மறுபடி அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்த பிறகு உங்கள் 10,000 பற்றிப் பேசுங்கள்.